மார்ச் 12-க்கும் மே 12-க்கும் நடுவே ஒரு மின் கட்டணம்

சேலத்தில் ஒரு துணிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாடி, முழுக்கக் குளிர்சாதனம். ஏப்ரல் மாத வெயிலில் காலை பத்து மணிக்கு ஓடத் தொடங்கும் ஏசி இரவு கடை மூடும்வரை நிற்பதில்லை. ஆனால் மாத முடிவில் உரிமையாளர் கைக்கு வரும் இலாப நட்டக் கணக்கில், ஏப்ரல் மாத மின் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறது. மார்ச்சில் 53,100 ரூபாய். மே மாதத்தில் 65,880 ரூபாய். ஏப்ரலில் மட்டும் ஒரு பைசா இல்லை.

யாரும் கணக்கை மறைக்கவில்லை. தமிழ்நாட்டில் தாழ்வழுத்த மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். அந்தக் கடைக்கு ஜனவரி 12, மார்ச் 12, மே 12 என்று ரீடிங் நாள் அமைந்திருக்கிறது. பில் வந்த மாதத்தில் கணக்காளர் அதை எழுதியிருக்கிறார். பில் வராத மாதத்தில் எழுத எதுவும் இல்லை. விளைவு, ஏப்ரல் மாதம் அமோகமான இலாப மாதமாகவும் மே மாதம் சுமாரான மாதமாகவும் தெரிகிறது. இதைப் பார்த்து ஏப்ரலில் தள்ளுபடி கொடுத்தது பலித்தது என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'வருஷத்துக்கு ஆறு பில் எப்படியும் வந்துவிடுகிறதே, எந்த மாதத்தில் எழுதினால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கடை, மாறாத கட்டணம், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் கணக்கு என்றால் இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் பிப்ரவரியில் புதுக் கிளை திறந்தால் அந்த ஆண்டுக்கு ஒரு பில்கூட வராமல் போகலாம். ஓடிய மின்சாரம் முழுவதும் அடுத்த ஆண்டின் தலையில் விழும். கட்டணம் உயர்ந்த ஆண்டிலும் ஆறு பில் என்ற கணக்கு சரிப்படாது. கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனத்துக்கோ இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, பணம் கைமாறிய நாளை வைத்து அல்லாமல் செலவு நேர்ந்த காலத்தை வைத்தே கணக்கு எழுத வேண்டும் என்கிறது. அப்படிப் பில் வருவதற்கு முன்பே எழுதப்படும் தொகைக்குத்தான் நம் பள்ளிக் கணக்குப் பதிவியல் புத்தகங்களில் 'கொடுபட வேண்டிய செலவு' என்று பெயர்.

எவ்வளவு கொடுபட வேண்டும்? இங்கேதான் பில்லில் உள்ள தேதிகள் வேலைக்கு வருகின்றன. ஒரு மின் கட்டணப் பில்லில் பல தேதிகள் இருக்கும்: முந்தைய ரீடிங் எடுத்த நாள், இப்போதைய ரீடிங் எடுத்த நாள், பில் போட்ட நாள், கட்ட வேண்டிய கடைசி நாள். பணம் கட்டுகிறவருக்கு முக்கியம் கடைசி நாள். கணக்கு எழுதுகிறவருக்கு அது தேவையே இல்லை. அவருக்கு வேண்டியவை முதல் இரண்டு மட்டும்தான். அதிலும் மிக முக்கியமானது இப்போதைய ரீடிங் நாள். அந்த நாள்வரை ஓடிய மின்சாரத்துக்குக் காகிதம் வந்துவிட்டது. அதற்கு மறுநாளிலிருந்து மாதக் கடைசிவரை ஓடியதற்கு இன்னும் காகிதம் இல்லை. அந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும்.

சேலம் கடையின் 2025 மார்ச் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கையில் இருக்கும் கடைசிப் பில் ஜனவரி 12 முதல் மார்ச் 12 வரை. ஜனவரியில் மீதி 19 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 12, ஆக 59 நாள். தொகை 53,100 ரூபாய். ஒரு நாளுக்கு 900 ரூபாய். மார்ச் 13 முதல் 31 வரை 19 நாள். பத்தொன்பதை 900-ஆல் பெருக்கினால் 17,100. மார்ச் 31 தேதியிட்டு மின் கட்டணச் செலவுக் கணக்கில் 17,100 ரூபாய் பற்று, கொடுபட வேண்டிய மின் கட்டணம் என்ற கணக்கில் அதே தொகை வரவு. ஏப்ரல் 1 அன்று இதே குறிப்பேட்டுப் பதிவைத் தலைகீழாக எழுதிவிடுவார்கள். பின்னால் உண்மையான பில் வரும்போது முழுத் தொகையையும் யோசிக்காமல் பதியலாம். ஏற்கெனவே எழுதிய பங்கு தானாகக் கழிந்துவிடும். தலைகீழ்ப் பதிவு போட மறந்தால் ஒரே மின்சாரத்துக்கு இரண்டு முறை செலவு எழுதியதாகிவிடும். மாதக் கணக்கில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. கொடுபட வேண்டிய கணக்கின் இருப்பு மாதாமாதம் வளர்ந்துகொண்டே போனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு கடை என்றால் இதைக் கையிலேயே செய்துவிடலாம். நாற்பது கிளை உள்ள நிறுவனத்தில் நாற்பது ரீடிங் தேதிகள் இருக்கும். ஒவ்வொரு பில்லையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் மாதக் கணக்கு முடியாது. அதனால் பல அலுவலகங்கள் பில்லின் பி.டி.எஃப். கோப்பையோ ஸ்கேன் செய்த படத்தையோ மென்பொருளிடம் கொடுத்து, இணைப்பு எண், தொடக்க நாள், முடிவு நாள், தொகை ஆகியவற்றை எக்செல் அட்டவணைக்குள் இழுத்துக்கொள்கின்றன. தொடக்க நாள் B நெடுவரிசையிலும், முடிவு நாள் C-யிலும், தொகை D-யிலும், மாதக் கடைசி நாள் E-யிலும் இருந்தால் கொடுபட வேண்டிய தொகையை ஒரே வரியில் எடுத்துவிடலாம்:

```
=MAX(0, E2-C2) * D2 / (C2-B2)
```

சேலம் கடைக்கு இது 17,100 என்றே விடை தரும். இதில் மேலே சொன்ன தர்க்கத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் விடை சரியாக இருப்பதும் தவறாக இருப்பதும் அந்த இரண்டு தேதிகள் எப்படி உள்ளே வந்தன என்பதைப் பொறுத்தது.

முதல் சிக்கல் நாளும் மாதமும் இடம் மாறுவது. நம் பில்களில் 12/03/2025 என்றால் மார்ச் 12. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் எக்செல் அதை டிசம்பர் 3 என்று எடுத்துக்கொள்ளும். தொடக்க நாளான 12/01/2025 டிசம்பர் 1 ஆகிவிடும். 59 நாள் பில் 2 நாள் பில்லாகச் சுருங்கி, நாளொன்றுக்கு 26,550 ரூபாய் என்று ஆகும். அப்படிப்பட்ட பெரிய தொகை கண்ணில் பட்டால் யாராவது பிடித்துவிடுவார்கள். ஆனால் படாது. மார்ச் 31-லிருந்து டிசம்பர் 3-ஐக் கழித்தால் குறை எண் வரும். சூத்திரத்தில் உள்ள MAX அதைப் பூஜ்யம் ஆக்கிவிடும். அட்டவணையில் சேலம் கடைக்கு நேரே ஒரு அமைதியான பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். பில் மாதக் கடைசி வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து எல்லோரும் கடந்துபோவார்கள். பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாள்களில், உதாரணமாக 23/03/2025 என்றால், பதிமூன்றாவது மாதமே இல்லை என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும். சூத்திரம் பிழை காட்டும். ஆகவே மாதத்தின் பிற்பகுதியில் ரீடிங் எடுக்கும் கிளைகளில் பிழை சத்தம் போடுகிறது, முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் ரீடிங் எடுக்கும் கிளைகளில் அது பேசாமல் ஒளிந்துகொள்கிறது.

இதற்குக் காவல் எளிது. இரண்டு மாத பில்லின் நீளம் ஏறத்தாழ 60 நாள் இருக்க வேண்டும். 50-க்குக் குறைவாகவோ 70-க்கு மேலோ இருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கிவிடலாம். பில்லின் முடிவு நாள் பில் போட்ட நாளுக்குப் பின்னால் இருக்க முடியாது. இருந்தால் அதுவும் சிவப்பு. இந்த இரண்டு சோதனைகளே இடம் மாறிய தேதிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

இரண்டாவது சிக்கல் ஒரே ஒரு நாள் பற்றியது. சேலம் பில்லில் முடிவு நாள் மார்ச் 12. அடுத்த பில்லின் தொடக்க நாளும் மார்ச் 12. ஒரே ரீடிங் இரண்டு பில்லிலும் வருகிறது என்பதால் இது இயல்பு. ஆனால் இரு முனையையும் சேர்த்து எண்ணினால் மார்ச் 12 இரண்டு பில்லிலும் எண்ணப்பட்டு, ஆண்டுக்கு ஆறு நாள் கூடிவிடும். எனவே தொடக்க நாளை விட்டுவிட்டு முடிவு நாளை எடுத்துக்கொள்வது, அதாவது வெறுமனே கழிப்பது, இங்கே சரி. ஆனால் தொலைபேசி பில்லில் காலம் 01-03-2025 முதல் 31-03-2025 வரை என்று அச்சிட்டிருந்தால் இரு முனையும் சேர்த்தி. கழித்தால் 30 நாள்தான் வரும், ஒன்று கூட்ட வேண்டும். எந்த நிறுவனம் எந்த முறை என்பதை யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு பில்களைப் பக்கத்தில் வைத்தால் போதும். முந்தைய பில் முடிந்த அதே நாளில் அடுத்தது தொடங்கினால் கழித்தல் மட்டும்; மறுநாள் தொடங்கினால் ஒன்று கூட்டு.

இப்படிப் பில்களைச் சங்கிலிபோலக் கோர்த்துப் பார்க்கும் பழக்கம் வேறு இரண்டு பிழைகளையும் வெளியே கொண்டுவரும். ஒரு கிளையின் பில் மார்ச் 12-ல் முடிந்து, அடுத்ததாக அட்டவணையில் இருக்கும் பில் மே 12-ல் தொடங்கினால் நடுவே ஒரு பில் காணாமல் போயிருக்கிறது. மேலே சொன்ன சூத்திரம் கடைசிப் பில்லின் முடிவு நாளை மட்டும் பார்ப்பதால், நடுவே இருக்கும் 61 நாள் ஓட்டை அதன் கண்ணுக்குத் தெரியாது. மறுபுறம், ஒரே பில் மின்னஞ்சலில் ஒருமுறையும் கிளை மேலாளர் அனுப்பிய படமாக ஒருமுறையும் வந்தால் ஒரே காலம் இரட்டையாக நிற்கும். தொகையை வைத்து இதைத் தேடுவதைவிடத் தேதியை வைத்துத் தேடுவது நல்லது.

தேதி சரியாக வந்தாலும் தொகை தவறலாம். மென்பொருள் பெரும்பாலும் பில்லின் அடியில் கொட்டை எழுத்தில் இருக்கும் மொத்தத்தைத்தான் எடுத்துவரும். அதில் பழைய பாக்கி, தாமதக் கட்டணம், கூடுதல் வைப்புத்தொகை எல்லாம் கலந்திருக்கக்கூடும். பழைய பாக்கி முந்தைய பில்லிலேயே எழுதப்பட்டுவிட்டது. வைப்புத்தொகை செலவே அல்ல. திரும்பி வர வேண்டிய சொத்து. அந்த 53,100 ரூபாயில் 11,800 ரூபாய் கூடுதல் வைப்புத்தொகை என்று இருந்தால், நாளொன்றுக்கு 900 என்ற கணக்கு தவறு. 41,300-ஐ 59-ஆல் வகுத்து 700 என்பதே சரி. பங்கிட வேண்டியது அந்த ரீடிங் காலத்துக்கு உரிய நடப்புக் கட்டணத்தை மட்டும்.

சேலம் கடைக்கே திரும்புவோம், அங்கே தொகையில் கலப்படம் இல்லை. மே 12-ல் ரீடிங் எடுத்தார்கள். 61 நாளுக்கு 65,880 ரூபாய், நாளொன்றுக்கு 1,080. மார்ச் மாதக் கணக்கில் 900 என்று வைத்தோம். 19 நாளில் 3,420 ரூபாய் குறைவாக எழுதியிருக்கிறோம். ஏப்ரல் மாதக் கடைசியிலும் பில் வந்திருக்காது. மார்ச் 13 முதல் ஏப்ரல் 30 வரை 49 நாளுக்கு அதே 900 வீதம் 44,100 எழுதி, மார்ச் மாதத்துக்கு எழுதிய 17,100 தலைகீழானதும் ஏப்ரல் செலவு 27,000 என்று வந்திருக்கும். மே மாதத்தில் 44,100 தலைகீழாகி, 65,880 உள்ளே வந்து, மே 13 முதல் 31 வரை 19 நாளுக்குப் புது வீதத்தில் 20,520 சேர்ந்தால் மே செலவு 42,300. மே மாதத்தின் 31 நாளுக்கு 1,080 வீதம் 33,480-தான் வர வேண்டும். மிச்சம் 8,820 ரூபாய் முந்தைய 49 நாளில் நாளுக்கு 180 ரூபாய் குறைவாக எழுதியதன் பாக்கி. ஏப்ரலில் பூஜ்யம் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் மே மாதம் இன்னும் சற்று வீங்கித்தான் இருக்கிறது.

காரணம் பருவம். ஜனவரி, பிப்ரவரியின் வீதத்தைக் கோடைக்குப் பொருத்தியதுதான் பிழை. இதைத் திருத்தப் போன ஆண்டின் அதே பருவத்துப் பில்லை எடுக்கலாம். 2024 மார்ச் 12 முதல் மே 12 வரை 61 நாளுக்கு 62,220 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம், நாளொன்றுக்கு 1,020. அதற்குப் பிறகு 2024 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் மின் கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்தது. அதையும் சேர்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 1,069. மார்ச் மாதத்தின் 19 நாளுக்கு 20,316. பில் வந்தபின் நாள் வீதப்படி பங்கிட்டால் கிடைக்கும் 20,520-க்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு மாத பழைய பில்லைவிட ஓராண்டுப் பழைய பில் நன்றாக வழிகாட்டுவதை இங்கே காணலாம்.

ஆனால் அந்த 20,520-உம் உண்மையின் இறுதி வடிவம் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 61 நாளும் ஒரே அளவு மின்சாரம் ஓடியது என்ற ஊகத்தில்தான் அது நிற்கிறது. மார்ச் நடுப்பகுதியின் வெயிலும் மே தொடக்கத்தில் அக்னி நட்சத்திர வெயிலும் ஒன்றல்ல. மார்ச் பங்கு இன்னும் குறைவாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மார்ச் 31 இரவு கடை மூடும்போது கிளையில் உள்ளவர் மீட்டரை ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். மார்ச் 12 ரீடிங்கிலிருந்து 1,740 யூனிட் ஓடியிருப்பதாக அந்தப் படம் காட்டுகிறது என்றால், முந்தைய பில்லில் 4,800 யூனிட்டுக்கு 53,100 ரூபாய், அதாவது யூனிட்டுக்குச் சராசரியாக 11 ரூபாய் 6 பைசா என்ற வீதத்தில் 19,249 ரூபாய். இங்கே ஊகம் மிகக் கொஞ்சம். நிலைக் கட்டணம் யூனிட்டைப் பொறுத்தது அல்ல என்பதால் சிறு பிசகு இருக்கும், அவ்வளவே. கிளை குறைவாகவும் மின் செலவு பெரிதாகவும் உள்ள நிறுவனங்களுக்கு நாள் வீதத்தைவிட இதுவே சிறந்தது. தேதி வைத்துப் பங்கிடும் முறை, இப்படிப் படம் எடுத்து அனுப்ப ஆள் இல்லாத இடங்களுக்கானது.

ஆண்டுக் கணக்குக்கு இன்னொரு வசதி உண்டு. மாதக் கணக்கை நான்கைந்து நாளில் முடிக்க வேண்டும். ஆனால் மார்ச் 31-உடன் முடியும் ஆண்டின் கணக்கு, தணிக்கை எல்லாம் முடிந்து ஒப்புதல் பெறச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மே 12 பில் கையில் வந்துவிடுகிறது. அப்படி வந்தால் 17,100 என்ற மதிப்பீட்டை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உண்மையான பில்லைத் தேதிப்படி பங்கிட்டு மார்ச் பங்கைத் திருத்தலாம். தணிக்கையாளர்களும் இதே வழியில்தான் தேடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வந்த பில்களை எடுத்து, அவற்றின் தொடக்க நாள் மார்ச் 31-க்கு முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், கொடுபட வேண்டிய பட்டியலில் அந்த இணைப்பு எண் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

வந்த பில்லை மாதங்களுக்குப் பங்கிட வேறொரு சூத்திரம் வேண்டும். E-யில் மாதக் கடைசி நாளும் F-இல் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளும் இருந்தால், அந்த மாதத்துக்குள் விழும் நாள்கள்:

```
=MAX(0, MIN(C2,E2) - MAX(B2,F2))
```

மே 12 பில்லுக்கு இது மார்ச்சில் 19, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 12 என்று தரும், கூட்டினால் 61. மூன்று மாதப் பங்குகளின் கூட்டுத்தொகை பில்லின் மொத்த நாளுக்குச் சமமாக வராவிட்டால் எங்கோ ஒரு தேதி கெட்டிருக்கிறது என்று பொருள்.

கட்டணம் மாறும் மாதத்தில் மட்டும் இந்தச் சமப் பங்கீடு தடுமாறும். தமிழ்நாட்டில் 2022-ல் செப்டம்பர் 10 அன்றே புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது, மாதத்தின் நடுவில். ஆகஸ்டில் ரீடிங் எடுத்து அக்டோபரில் பில் போட்ட எந்த இணைப்பிலும் பழைய வீதம் சில வாரம், புதிய வீதம் சில வாரம் என்று இரண்டு வீதமும் இருந்தன. அத்தகைய பில்லை ஒரே தொகையாக வைத்து நாள் கணக்கில் பங்கிட்டால், உயர்வுக்கு முந்தைய நாள்களின் தலையிலும் உயர்வின் ஒரு பகுதி ஏறிவிடும். மின் கட்டணம் பெரிய செலவாக உள்ள நிறுவனம் கட்டணம் மாறிய நாளில் பில்லை இரண்டு வரியாக உடைத்து எழுதிக்கொள்ளலாம். சிறு கடைக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல.

இன்னும் ஒரு வகை பில் இந்த அட்டவணைக்குள் நுழைந்துவிடும். இணையச் சேவைக்கு வாடகையை முன்கூட்டியே வாங்குகிற நிறுவனங்கள் உண்டு. மார்ச் 20-ல் வரும் பில்லின் காலம் மார்ச் 20 முதல் ஏப்ரல் 19 வரை இருக்கும். இங்கே மாதக் கடைசிக்குப் பிந்தைய நாள்கள் கொடுபட வேண்டிய செலவு அல்ல, முன்கூட்டிச் செலுத்திய செலவு. முதல் சூத்திரத்தில் உள்ள MAX இதையும் பூஜ்யம் ஆக்கிவிடும் என்பதால் இத்தகைய இணைப்புகளைத் தனி அட்டவணையில் வைத்து, இரு முனையும் சேர்த்தி என்பதால் தொடக்க நாளில் ஒன்று குறைத்து, இரண்டாவது சூத்திரத்தால் பங்கிடுவது பாதுகாப்பானது.

கடை பூட்டியிருந்ததால் ரீடிங் எடுக்க முடியாமல், பழைய பயன்பாட்டின் சராசரியை வைத்துப் போடப்பட்ட பில்லுக்கும் தனி அடையாளம் வேண்டும். அதில் தேதிகள் ஒழுங்காக இருக்கும், சங்கிலி அறாது, நாள் நீளமும் சரியாக இருக்கும். எந்தச் சோதனையிலும் சிக்காது. ஆனால் அதன் தொகையிலிருந்து எடுத்த நாள் வீதம் அந்தக் காலத்தில் கடையில் உண்மையில் ஓடிய மின்சாரத்தைக் காட்டாது. அடுத்த ரீடிங்கில் வரும் திருத்தம் முந்தைய இரண்டு மாதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அதனால் அட்டவணையில் தேதிகளுக்குப் பக்கத்தில் 'ரீடிங்' அல்லது 'சராசரி' என்று ஒரு நெடுவரிசை வைத்து, 'சராசரி' என்று வரும் இணைப்புகளுக்கு மட்டும் அதற்கு முந்தைய உண்மையான ரீடிங் பில்லின் நாள் வீதத்தைப் பயன்படுத்த வேண்டும்.